பச்சை வாசனை போகும் வரை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. முன்னால் மேசைகள். நடுவில், பரிமாறுகிறவர்கள் தட்டு வாங்குகிற ஜன்னல். அதற்குப் பின்னால் நீளமாக, வெளிச்சம் குறைவாக ஒரு சமையலறை. அங்கே பெரிய அடுப்பில் நின்றவளை எல்லோரும் மாஸ்டரக்கா என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா என்று கூப்பிட்டார்கள். பழைய மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட பிறகு அந்தக் கரண்டி இவள் கைக்கு வந்தது. அக்காவை விட மனம் வராமல் மாஸ்டரையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு அவளுடைய சொந்தப் பெயர் வீட்டோடு நின்றுபோனது.

அவள் சமையல் நன்றாக இருக்கும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிரச்சினை என்னவென்றால், அது வந்து சேராது. கோழி கிரேவி ஒன்று என்று ஜன்னலில் குரல் கேட்டால் அவள் அப்போதுதான் வெங்காயத்தை எண்ணெயில் போடுவாள். அது நிறம் மாறி, இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போய், தக்காளி கரைந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள். அடுத்த தட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து வெங்காயம். வருகிறவர்களோ ஆஸ்பத்திரி ஆட்கள். நர்சுகளுக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள் டாக்டர் வார்டுக்கு வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். பாதிப் பேர் காத்திருந்து பார்த்துவிட்டு, வெறும் ரொட்டியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

முதலாளி ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். எப்போதும் அரைத் தூக்கத்தில் எழுந்து வந்தவர் போலவே இருப்பார், நல்ல மனுஷன்.

"அக்கா, பக்கத்துத் தெருவுல புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான். உக்கார்றதுக்குள்ள தட்டு வருதாம். நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான் போறாங்க."

"போய் ரெண்டு நாள் தின்னுட்டுத் திரும்பி வருவாங்க."

"வரட்டும். வந்தா உக்கார வச்சு என்ன செய்யப் போறோம்? மறுபடியும் காக்கத்தானே வைக்கப் போறோம்?"

பக்கத்து அடுப்பில் நின்றவள் சொன்னாள்.

"காலையிலயே பேஸ் போட்டு வச்சுட்டா ஒண்ணுமே இல்லீங்க. நான் வேலை செஞ்ச பெரிய ஓட்டல்ல அப்படித்தான். வெங்காயம் தக்காளி கிரேவி ஒரு பாத்திரம், வெள்ளை கிரேவி ஒரு பாத்திரம், எலும்புச் சாறு ஒரு பாத்திரம். ஆர்டர் வந்ததும் ரெண்டு கரண்டி எடுத்து..."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றாள் மாஸ்டரக்கா.

பேசியவள் அவளுடைய நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. கட்டியவனோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு சாலையில்தான் இருப்பார். வீட்டில் சும்மா உட்கார்ந்து முகம் சுண்டிப்போக வேண்டாம் என்று மாஸ்டரக்காதான் முதலாளியிடம் சொல்லி அவளைக் கடையில் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு விசித்திரமான ஏற்பாடு. வீட்டில் நாத்தனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, கடையில் அண்ணி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நடுவில் பஸ்ஸில் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை.

"ஆறிப்போனதைச் சூடு பண்ணிக் குடுக்குறதுக்குப் பேரு சமையல் இல்ல, ஏமாத்து" என்று மாஸ்டரக்கா அன்றைக்குப் பேச்சை முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது.

ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான். உடம்பை அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. படுத்தாள், எழுந்தாள், கஞ்சி குடித்தாள், வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாள் காலை வெங்காயத்தை எண்ணெயில் போட்டபோது சட்டியில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. சத்தம் கேட்டது. ஆவி முகத்தில் பட்டது. வாசனை மட்டும் வரவில்லை. மூக்கடைப்பு என்று நினைத்தாள். மூச்சு தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போய், பிளீச்சிங் புட்டியையே திறந்து பார்த்தாள். கண் எரிந்தது. வேறொன்றும் இல்லை.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் போனது, இரண்டு வாரமும் போனது.

சமைக்கத் தெரியாதவர்கள் நாக்கால் சமைப்பதாக நினைப்பார்கள். உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு இவையெல்லாம் அவள் நாக்குக்கு இன்னும் தெரிந்தன. ஆனால் பச்சை வாசனை போய்விட்டதா என்பதை நாக்கு சொல்லாது. பூண்டு பொன்னிறத்தைத் தாண்டிக் கசப்புக்குத் திரும்புகிற அந்த நொடியை நாக்கு சொல்லாது. இதுவரை அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் "அங்க என்ன கருகுது?" என்று திரும்புவாள். இப்போது கருகிப் புகை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் தெரிந்தது. கேஸ் அடுப்பின் திருகுகளை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கண்ணால் பார்த்துச் சரிபார்த்தாள். ஒரு தட்டுக்கு ஒரு சோதனை என்று, மதிய நேரம் முழுக்க அவளுக்கு வரிசையாகப் பரீட்சை. வீட்டுக்குப் போகும்போது கழுத்து நரம்பு கயிறாக இறுகியிருக்கும்.

சில தட்டுகள் திரும்பி வந்தன. "இன்னைக்கு அக்காவுக்கு உடம்பு இன்னும் சரியாகல போல" என்று பரிமாறுகிறவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு காலை அவள் சாதாரணமாகச் சொல்வதுபோல நாத்தனாரிடம் சொன்னாள்.

"நீ சொன்னியே, அந்த பேஸ். எப்படிப் போடுவாங்கன்னு காட்டு பாப்போம்."

நாத்தனார் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்களா அண்ணி கேக்குறீங்க?"

"வேற யாரு கேக்குறா? காட்டுறியா இல்லையா?"

அவள் ஏன் கேட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மதியம் முழுக்க ஒவ்வொரு தட்டுக்கும் மூக்கு வேண்டும் என்பதை மாற்றி, காலையில் ஒரே ஒரு முறை வேண்டும் என்று ஆக்கிவிட்டால் போதும். அந்த ஒரு முறைக்கு வேறொருத்தியின் மூக்கை வாங்கிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் விடிந்ததும் வந்துவிடுவார்கள். கோழி எலும்புகளைக் கழுவிப் பெரிய பாத்திரத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து வைப்பார்கள். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. விட்டால் நுரையும் கொழுப்பும் உள்ளேயே கலந்து சாறு கலங்கிவிடும். அடியிலிருந்து ஒன்றிரண்டு குமிழி சோம்பேறித்தனமாக மேலே வந்தால் போதும். மேலே திரளும் அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெங்காயம், கேரட், மிளகு. உப்பு மட்டும் கூடாது.

"ஏன்னா இது பின்னாடி எதுலயாவது ஊத்தி வத்தப் போகுது. இப்பவே உப்பு போட்டா அங்க கடல் தண்ணியாயிடும்" என்றாள் நாத்தனார். மாஸ்டரக்காவுக்கு அது தெரியாததல்ல. தெரியாதவள் மாதிரித் தலையாட்டினாள். சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு வந்த நாளிலிருந்து மாஸ்டரக்கா அதைப் பார்த்ததில்லை.

இன்னொரு அடுப்பில் மலைபோல வெங்காயம். அதை அவசரப்படுத்த முடியாது. முதலில் தண்ணீர் விட்டு, துவண்டு, சட்டியில் கால் பங்காகச் சுருங்கி, அதன் பிறகுதான் நிறம் ஏறும். இதை மாஸ்டரக்கா கண்ணால் பார்த்தே செய்தாள். நிறத்தைப் பார்த்தாள், குமிழிகளின் சத்தம் மாறுவதைக் கேட்டாள், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதைப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து நாத்தனார் முன்னால் நீட்டுவாள்.

"மோந்து பாரு. பச்சை வாசனை போயிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி. பூண்டு நிக்குது."

"ம். நானும் அதான் நெனச்சேன்" என்று மறுபடியும் தீயைத் திருப்புவாள்.

ஆரம்பத்தில் ஒரு கோளாறு வந்தது. வேகம் வந்துவிட்டது. ஜன்னலில் குரல் கேட்டு, பரிமாறுகிறவர் தண்ணீர் வைத்துத் திரும்புவதற்குள் தட்டு தயாராக இருந்தது. ஆனால் அடிக்கடி வருகிற ஒரு நர்சு மூன்றாம் நாள் ஜன்னலுக்கே வந்து சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்து கோழி சாப்பிட்டேன், இன்னைக்கு முட்டை சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

மாஸ்டரக்காவுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. நாத்தனார்தான் உட்கார்ந்து யோசித்தாள். எல்லா மசாலாவையும் காலையிலேயே பேஸில் போட்டுவிட்டதுதான் தப்பு. ஆற அமர நடக்க வேண்டியது வெங்காயம், தக்காளி, எலும்பு. அதற்குத்தான் நேரம் வேண்டும். மசாலா வாசனை பறந்து போவதற்கு நேரமே ஆகாது. அதைக் கடைசியில் போட்டால்தான் தட்டு வரை நிற்கும். அதனால் பேஸை மொட்டையாக நிறுத்திவிட்டார்கள். மசாலாவும் இல்லை, உப்பும் பேருக்குத்தான். ஆர்டர் வந்ததும் சின்னச் சட்டியில் எண்ணெய். கோழிக்கு மிளகும் பட்டையும், முட்டைக்குப் பச்சை மிளகாய், காய்கறிக்குச் சீரகம். அது பொரிந்ததும் இரண்டு கரண்டி பேஸ், ஒரு கரண்டி சாறு. கொதித்ததும் மேலே தழை, எலுமிச்சை. அந்தக் கடைசித் தாளிப்பை நாத்தனாரே தன் அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். மாஸ்டரக்கா விட்டுக்கொடுத்தாள்.

"பெரிய மனசு அக்காவுக்கு" என்றார் முதலாளி.

கூட்டம் திரும்பி வந்தது. பக்கத்துத் தெருக்காரன் கடையிலிருந்தும் வந்தது. வேகம் கூடினால் ஓய்வு கிடைக்கும் என்று மாஸ்டரக்கா நினைத்திருந்தாள். தட்டு சீக்கிரம் போனதால் மேசை சீக்கிரம் காலியானது. மேசை காலியானால் அடுத்த ஆள் உட்கார்ந்தார். காலைப் பாத்திரங்கள் இன்னும் பெரிதாயின. அவள் தோள்பட்டை நிரந்தரமாக வலித்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு வாயில் ஈரமான பஞ்சு மாதிரி இருந்தது. மெல்லுவதும் விழுங்குவதும் ஒரு வேலையாகிவிட்டன. உடம்பு இளைத்தது. இதற்கு நடுவில் கணவர் ஒருமுறை போனில், "என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "தூக்கம் பத்தல" என்று வைத்துவிட்டாள்.

இந்த வேலையில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. சாற்றைக் காய்ச்சுவதைவிட அதை ஆற்றுவது முக்கியம். பெரிய பாத்திரத்தை அப்படியே மூடி வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். கெட்டுப்போவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால் வடிகட்டியதும் ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, கிளறிக் கிளறி ஆற்றி, ஜில்லென்று ஆன பிறகுதான் மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மேலே தேதி ஒட்ட வேண்டும். பழையது முதலில் போக வேண்டும். நாத்தனார் இதில் கண்டிப்பானவள்.

ஒருநாள் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு நாத்தனாருக்குப் பல்வலி. ஆஸ்பத்திரியிலேயே காட்டிவிட்டு வருகிறேன் என்று எதிர்ப்பக்கம் போய்விட்டாள். மறுநாளுக்கான சாறு அப்போதுதான் தயாராகி அடுப்பில் இருந்தது. மாஸ்டரக்கா வடிகட்டினாள். தட்டங்களை எடுக்கப் போனாள். எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. தேய்க்க வேண்டும். ஐஸ் பெட்டியைத் திறந்தாள், அடியில் தண்ணீர்தான் இருந்தது. ஐஸ் வாங்கத் தெருமுனை வரை போக வேண்டும். அவள் ஒரு நிமிஷம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தன. ஒருநாள்தானே என்று நினைத்தாள். மூடியைப் போட்டுச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். ராத்திரி கடை கட்டும்போது யாரோ அதை அப்படியே தூக்கி ஃபிரிட்ஜுக்குள் திணித்தார்கள்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது மேலே கொஞ்சம் நுரை இருந்தது. கொழுப்பு என்று கரண்டியால் ஒதுக்கினாள். பல் வீங்கியதால் நாத்தனார் வரத் தாமதமாகும் என்று சொல்லியிருந்தாள். அதற்குள் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தூக்கு. வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன், இன்றைக்குத்தான் தெளிந்த நீராக ஏதாவது குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், காரமில்லாமல் ஒரு சூப் கிடைக்குமா என்று கேட்டாள். மாஸ்டரக்கா இரண்டு கரண்டி சாற்றைச் சுட வைத்து, உப்பு போட்டு, எலுமிச்சை பிழிந்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பாக இருந்தது. எலுமிச்சை என்று நினைத்தாள். தூக்கு நிரம்பி, மூடி போட்டுப் போய்விட்டது.

அவள் மிச்சச் சாற்றை வெங்காய பேஸில் ஊற்றப் பாத்திரத்தைச் சாய்க்கும் நேரத்தில் நாத்தனார் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன நாத்தம் இது?"

"எது?"

"அண்ணி, ஊத்தாதீங்க!" ஓடி வந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது போயிருச்சு. வாசல்லயே குமட்டுது. இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படி நிக்கிறீங்க?"

மாஸ்டரக்கா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வழியில் வந்த பரிமாறுகிறவரை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஏப்ரனோடு, எண்ணெய்ச் செருப்போடு தெருவில் இறங்கினாள். ஒரு ஆட்டோ திட்டிக்கொண்டே பிரேக் அடித்தது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலில், காவலாளி முன்னால் பாஸைத் தேடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா! அம்மா, அதைக் குடுங்க."

"எதை?"

"சூப்பு. தூக்கைக் குடுங்க. அது வேண்டாம்."

"ஏங்க, அவரு அங்க பசியோட உக்காந்திருக்காரு. ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா வாயைத் தொறந்து பசிக்குதுன்னு சொல்லியிருக்காரு."

"அது கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியாமக் குடுத்துட்டேன். நான்தான் செஞ்சது. குடுங்கம்மா."

அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள் மாஸ்டரக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது தெரியலயா உங்களுக்கு?" என்று மட்டும், நிஜமாகவே புரியாமல் கேட்டாள் அவள்.

தூக்கோடு திரும்பி வந்தபோது நாத்தனார் அந்தப் பெரிய பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவர்களில் ஒருவர், "நல்லாக் கொதிக்க வச்சா சரியாயிடாதா?" என்று கேட்டார். "கொதிக்க வச்சா பூச்சி சாகும், அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. போங்க, வேலையைப் பாருங்க" என்று அவரை விரட்டினாள். அவர் போன பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். சமையலறையில் இரண்டு பேர் மட்டும்.

"உங்களுக்கு வாசனை தெரியல."

மாஸ்டரக்கா காய்கறி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

நாத்தனார் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்போ தினமும் காலையில கரண்டியை நீட்டி மோந்து பாரு, மோந்து பாருன்னு..."

"ஆமா."

"எனக்குத் தொழில் பழக்குறீங்கன்னு நெனச்சேன். இந்தக் கடையிலயாவது ஒருத்தங்க நம்மளை நம்பி ஒண்ணைக் கத்துக்குடுக்குறாங்களேன்னு அண்ணன்கிட்ட கூடப் போன்ல சொன்னேன்." பல்வலியோ வேறெதுவோ, கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன ஊரெல்லாம் தண்டோராவா போட்டிருப்பேன்?"

"சொன்னா அடுப்புல யாரு நிக்க விடுவா? எனக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்? வீட்டுல நான் யாரு, சொல்லு. வர்ற லாரிக்குக் காத்துக்கிட்டு இருக்குறவ. இங்க வந்தாத்தான் நாலு பேரு என் சொல்லைக் கேக்குறாங்க."

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிதாக எலும்பைக் கழுவி அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சாறு இல்லாமலே மதியச் சாப்பாடு போனது. தண்ணீர் ஊற்றிய கிரேவி. நர்சுகள் முகத்தைச் சுளித்தார்கள்.

மதியக் கூட்டம் கலைந்ததும் மாஸ்டரக்கா தானே முதலாளியிடம் போனாள். நாத்தனார் போகச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் தாமதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அந்தத் தூக்கையும் சேர்த்து. அவர் கை பாதி வழியில் நின்றது.

"அது உள்ள போயிருந்தா?"

"போகல."

"போயிருந்தாக்கா?"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"அப்போ இத்தனை நாளா இந்தக் கடையில ருசி பாத்தது யாரு?"

"அவதான். அவளுக்கே தெரியாது."

முதலாளி தட்டைத் தள்ளி வைத்தார். கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனிதர். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையைக் கழுவிவிட்டு வந்து, மறுபடியும் ஒருமுறை கழுவினார். பிறகு சொன்னார். "இனிமே ஜன்னலைத் தாண்டிப் போற எதையும் நீங்க அனுப்பக் கூடாது. அந்தப் பொண்ணு நிக்கட்டும் பெரிய அடுப்புல. நீங்க காலையில வந்து சாறும் பேஸும் போட்டுக் குடுங்க, போதும். அவ மோந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பாத்திரம் இறங்கணும். ஆத்துறதுல ஒருநாள் தப்பு நடந்தாலும் அன்னைக்குக் கடையை மூடிடுவேன். சரியா?"

"சரிங்க."

வேலை போகவில்லை. அது நிம்மதியா அவமானமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே பாத்திரத்தில்தான் இருந்தன.

இப்போது நாத்தனாரைச் சின்ன மாஸ்டர் என்கிறார்கள். சின்ன என்பது சீக்கிரமே உதிர்ந்துவிடும் என்று மாஸ்டரக்காவுக்குத் தெரியும். ஜன்னலில் குரல் கேட்டதும் அந்தப் பெண் சட்டியைத் தட்டும் வேகத்தை அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். தன்னைவிடக் கை நேர்த்தி. இதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பஸ்ஸில் மட்டும் இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் எலும்பு விலை, வெங்காயத்தின் ஈரம், எந்தத் தட்டத்துக்கு மூடி சரியாக உட்காரவில்லை, இப்படித்தான்.

எதிர்ப்பக்க ஆஸ்பத்திரியிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நாத்தனார் அவளை இழுத்துக்கொண்டு போனாள். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றார் டாக்டர். பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ வர ஆரம்பித்தது. ஆனால் கோணலாக வந்தது. காப்பி எரிந்த டயர் மாதிரி. சோப்பு அழுகின காய் மாதிரி. எல்லாவற்றிலும் மோசம் வதங்கும் வெங்காயம். தினமும் மலைமலையாக வெங்காயம் வதக்குகிறவளுக்கு அந்த வாசனைதான் நாற்றமாகத் திரும்பி வர வேண்டுமா?

"இது நல்ல அறிகுறியாம். நரம்பு மறுபடியும் முளைக்குதாம்" என்றாள் நாத்தனார்.

"முளைக்கிறது நல்லா முளைக்கக் கூடாதா?"

மூக்கை ஈரத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். பரிமாறுகிறவர்கள் கொள்ளைக்காரி வந்துட்டா என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வெங்காயம் இறங்கிய பிறகு தட்டங்களைக் கழுவுவது, ஐஸ் பெட்டியை நிரப்புவது, தேதி ஒட்டுவது எல்லாம் அவளேதான். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

போன வாரம் கணவர் சொல்லாமல் வீட்டில் வந்து இறங்கினார். சாயங்காலம். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. லாரியின் தூசியோடு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பசி கொல்லுது. என்ன இருக்கு?"

"ரொட்டி இருக்குண்ணா, கடையில வாங்கினது" என்றாள் தங்கை, தரையில் கால் நீட்டிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

"வீட்டுல ரெண்டு மாஸ்டரை வச்சுக்கிட்டு நான் கடை ரொட்டி திங்கணுமா?"

"வேணும்னா நீங்க செய்ங்க, நாங்க திங்கிறோம்."

அவர் சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அவள் மேசையில் கையை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்து எப்போதோ தூங்கிவிட்டிருந்தாள். அவர் சத்தம் போடாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார்.